எந்த ஊர் இரவு?

என் மருந்துச் சீட்டில் பதினான்கு ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் வரிகள் இரண்டு. முதல் வரியில் உணவுக்கு முன் போட வேண்டிய இன்சுலின். அதற்கு நேரே மூன்று வேளைக்கான குறி. இரண்டாவது வரியில் நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின். அதற்கு நேரே 16 யூனிட், பக்கத்தில் 'இரவு' என்ற ஒரே சொல். மூணாற்றில் பிறந்து, மறையூரில் படித்து, இப்போது பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத் தமிழ்ப் பேச்சை ஆய்வு செய்துகொண்டிருக்கும் எனக்கு அந்தச் சொல் ஒருபோதும் ஐயம் தந்ததில்லை. இடுக்கியில் இரவு என்றாலும் பாலக்காட்டில் இரவு என்றாலும் ஒன்றுதான். மாநில எல்லையைத் தாண்டி உடுமலைக்கோ பொள்ளாச்சிக்கோ போனாலும் அதே இரவுதான்.

அந்தச் சொல் முதன்முதலில் என்னை ஏமாற்றியது மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதத்தில், இலண்டனுக்குப் போன விமானத்தில். கொச்சியில் இரவு 10 மணிக்குக் கிளார்ஜின் போட்டுக்கொண்டு, விடியுமுன் விமானம் ஏறி, வளைகுடாவில் இறங்கி அடுத்த விமானம் மாறினேன். மதிய உணவு முடிந்ததும் பணிப்பெண்கள் சன்னல் மறைப்புகளை இறக்கச் சொல்லி விளக்குகளை அணைத்தார்கள். சுற்றிலும் எல்லாரும் போர்வைக்குள் போனார்கள். எனக்கும் கண் சொருகியது. இரவாகிவிட்டது என்று எண்ணி 16 யூனிட்டைப் போட்டுக்கொண்டு உறங்கிவிட்டேன். அப்போது இந்திய நேரம் பிற்பகல் 2 மணி. முந்தைய ஊசி போட்டு 16 மணி நேரந்தான் ஆகியிருந்தது. பழைய ஊசியின் வேலை இன்னும் எட்டு மணி நேரம் மிச்சமிருக்க, அதன் மேல் முழு அளவில் இன்னொன்று. இடையில் தந்த சிற்றுண்டியையும் உறக்கத்தில் விட்டுவிட்டேன். குடியேற்றச் சோதனை வரிசையில் நின்றபோது கைகள் நடுங்கின, வியர்வை வழிந்தது. அளந்து பார்த்தால் சர்க்கரை 54. கைப்பையில் அம்மா கட்டிக் கொடுத்திருந்த கற்கண்டு இருந்ததால் அன்று தப்பினேன்.

தவறு என்னுடையது. ஆனாலும் மொழியியல் படித்தவள் என்ற முறையில் அந்தத் தவறின் இலக்கணத்தை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. பொழுது நிலத்தோடு ஒட்டியது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை என்று நிலத்துக்கு ஒரு பொழுது. நம் மருந்துச் சீட்டுகளும் அதே நம்பிக்கையில்தான் எழுதப்படுகின்றன: நோயாளி தன் நிலத்தை விட்டு நகரமாட்டார். 'இரவு' என்ற சொல்லுக்கு, பேசுபவர் நிற்கும் இடத்தை விட்டால் வேறு பொருள் இல்லை. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் மேற்கு நோக்கிப் பறப்பவர் எந்த நிலத்தில் நிற்கிறார்?

நான் சொல்ல வருவது இதுதான். கண்டங்கள் கடந்து கருத்தரங்குகளுக்குப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு, நீண்ட நேர இன்சுலினைப் பொழுதின் பெயரால் எழுதித் தருவது போதாது. முந்தைய ஊசியிலிருந்து எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். ஓரிரு வாரத்துக்குள் திரும்பிவிடும் பயணமானால், அந்த ஊசியின் நேரத்தை மாற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. அது இந்திய நேரத்திலேயே வாழட்டும். சாப்பாட்டு இன்சுலின் மட்டும் போன ஊரின் நேரத்தில் வாழட்டும்.

காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். முதல் வகைச் சர்க்கரை நோயில் உடல் தானாக இன்சுலின் சுரப்பதில்லை. உண்ணாமல் கிடந்தாலும் கல்லீரல் இடைவிடாது குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டுவதுதான் நீண்ட நேர இன்சுலினின் வேலை. அதற்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. கிளார்ஜின் தோலுக்கடியில் படிந்து மெல்லக் கரைந்து, ஏறத்தாழ 24 மணி நேரம் வேலை செய்கிறது. சிலருக்கு அதற்குச் சற்று முன்பே தீர்ந்துவிடும். இரவில் போடச் சொல்வது பெரும்பாலும் மறக்காமல் இருப்பதற்காகத்தான். விரைவில் வேலை செய்யும் அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்றவை தட்டில் இருக்கும் சோற்றுக்கானவை. முன்னதன் கடிகாரம் கடைசி ஊசியிலிருந்து ஓடுகிறது. பின்னதன் கடிகாரம் தட்டிலிருந்து ஓடுகிறது. இரண்டையும் 'காலை, மதியம், இரவு' என்ற ஒரே சட்டகத்தில் எழுதுவதால்தான் குழப்பம் பிறக்கிறது.

சென்ற ஆண்டு மே மாதம் டொரொன்டோவுக்குப் போன பயணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன். கோடையில் அந்த ஊர் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கொச்சியில் விமானம் அதிகாலை 4:30-க்கு. முந்தைய இரவு 10 மணிக்கு, நெடும்பாசேரிக்குப் போகும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து கிளார்ஜின் போட்டுக்கொண்டேன். துபாயில் மாறி, இரண்டாவது விமானம் கிளம்பியபோது இந்திய நேரம் நண்பகல் 12. அது 14 மணி நேரப் பறத்தல். ஆகவே அடுத்த ஊசிக்குரிய நேரமான இந்திய இரவு 10 மணி, அட்லாண்டிக்கின் மேலே வந்தது. கைப்பேசியில் இந்திய நேரத்துக்கு வைத்திருந்த மணி அடித்தது, இருக்கையிலேயே போட்டுக்கொண்டேன். டொரொன்டோவில் அப்போது பிற்பகல் 12:30. அங்கே தங்கியிருந்த எட்டு நாளும் மதியம் 12:30-க்கே போட்டேன். கருத்தரங்கின் உணவு இடைவேளையும் அதுவாகவே இருந்தது. திரும்பி வந்த பிறகு மீண்டும் இரவு 10 மணி. இடையில் ஒரு நாள்கூட 24 மணி நேர இடைவெளி மாறவில்லை.

சீட்டில் இருந்த 'இரவு' என்ற சொல்லை அப்படியே பின்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டொரொன்டோவின் இரவு 10 மணி என்பது இந்தியாவில் மறுநாள் காலை 7:30. கொச்சியில் போட்டதிலிருந்து முப்பத்து மூன்றரை மணி நேரம். கிளார்ஜின் 24 மணியில் தீர்ந்தால், ஒன்பதரை மணி நேரம் அடிப்படை இன்சுலினே இல்லாத உடல். முதல் வகை நோயாளிக்கு அது சர்க்கரை ஏறும் தொல்லை மட்டுமன்று. உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கிக் கீட்டோன்கள் பெருகும். வயிற்றுப் புரட்டலும் வாந்தியும் தாகமும் வரும். அதைப் பயணக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுவோம். களைப்பா கீட்டோனா என்று பிரித்தறிய ஒரே வழி அளந்து பார்ப்பது. சர்க்கரை 250-க்கு மேல் நின்று இறங்காமலும் குமட்டலும் இருந்தால், கீட்டோன் பட்டையால் சோதிக்க வேண்டும். அது ஏறியிருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடுதி அறைக்கு அன்று. திரும்பும் வழியில் இதன் தலைகீழ் நடக்கும். டொரொன்டோ இரவு 10-க்குப் போட்டவர், இந்தியாவில் இறங்கி முதல் இரவு 10-க்குப் போட்டால், இடைவெளி பதினான்கரை மணி நேரந்தான். என் இலண்டன் கதை அங்கே மறுபடி அரங்கேறும்.

ஒரு கல்வியாண்டு, ஆறு மாத ஆய்வுதவி என்று நெடுநாள் தங்கப் போகிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். யாரும் ஆண்டு முழுவதும் இந்திய இரவைச் சுமந்து திரிய மாட்டார்கள். அவர்கள் நாளுக்கு ஒன்று இரண்டு மணி நேரம் என்று மெல்ல நகர்த்தலாம். அல்லது ஒரே நாளில் மாற வேண்டுமானால், விடுபடும் நேரத்துக்கு ஒரு இடைப்பாலம் போடலாம். என் அளவில் கணக்கிட்டால், 16 யூனிட் 24 மணி நேரத்துக்கு. ஒன்பதரை மணி நேரத்துக்கு ஏறத்தாழ 6 யூனிட். டொரொன்டோ பிற்பகல் 12:30-க்கு அந்த 6, பிறகு அன்றிரவு 10-க்கு வழக்கமான 16. கிழக்கே திரும்பும்போது நாள் சுருங்குகிறது. எனவே கூட்டாமல் குறைக்க வேண்டும். பதினான்கரை மணி நேரத்துக்குரிய பங்கு 9 அல்லது 10 யூனிட். முதல் இந்திய இரவில் அது மட்டும், மறுநாளிலிருந்து முழு அளவு. இவை துல்லியமான எண்கள் அல்ல. சிறிய அளவில் போட்ட கிளார்ஜின், பெரிய அளவு போலவே நேர்கோட்டில் நடந்துகொள்வதில்லை. உங்கள் எண்ணை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து, விமான நேரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். டெக்ளூடெக் என்ற இன்னும் நீண்ட வகை போடுபவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதன் வேலை 42 மணி நேரத்துக்கும் மேல் நீள்வதால் சில மணி நேரம் முன்பின் ஆனாலும் தாங்கும். இரண்டு ஊசிகளுக்கிடையே எட்டு மணி நேரமாவது இருந்தால் போதும் என்பதே அதற்கான விதி.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் போடுவது 30/70 கலவை இன்சுலின். பாலக்காட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வளைகுடாவுக்குப் போகும் தாய்தந்தையருக்கு என் பதில் சுருக்கமானது: துபாய்க்கு ஒன்றரை மணி நேரம், கத்தாருக்கும் சவூதிக்கும் இரண்டரை மணி நேரந்தான் வேறுபாடு. அளவை மாற்ற வேண்டாம்; அந்த ஊர்க் காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் போட்டால் போதும். அமெரிக்காவுக்குப் போகும் பெரியவர்கள் விஷயம் வேறு. நாள் நீண்டு ஒரு வேளைச் சோறு கூடிவிடும். கலவையில் இரண்டு வகையும் பிணைந்திருப்பதால் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அவர்கள் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனித் தட்டு. வீட்டில் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன் ஊசி போடுவது என் வழக்கம். விமானத்தில் அப்படிச் செய்வதில்லை. உணவு வண்டி முன்வரிசைக்கு வந்துவிட்டதைப் பார்த்து ஊசி போட்ட பிறகு, விமானம் குலுங்கத் தொடங்கி, பரிமாறுவதை அரை மணி நேரம் நிறுத்திவிட்டால் என்ன செய்வது? தட்டு என் முன்னால் வந்து, மூடியைத் திறந்து, சோறு எவ்வளவு என்று பார்த்த பிறகே போடுகிறேன். சர்க்கரை நோயாளி உணவு என்று தனியாகப் பதிவு செய்வதையும் விட்டுவிட்டேன். ஒரு முறை அதில் வெந்த காய்களும் ஒரு துண்டு மீனும்தான் வந்தன. போட்ட ஊசிக்கு ஏற்ற மாவுச்சத்து அதில் இல்லை. வழக்கமான உணவைக் கேட்டு, உண்ணுவதைக் கணக்கிடுவது எளிது. தாழ்சர்க்கரைக்கு 15 கிராம் அளவில் மடித்த கற்கண்டுப் பொட்டலங்கள் ஐந்தாறு எப்போதும் இருக்கும். பழச்சாறு 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் கேள்வி வரும். கற்கண்டைப் பற்றி எந்த நாட்டிலும் யாரும் கேட்டதில்லை. கடலை மிட்டாய் உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

பெட்டி கட்டும்போது நான் வைத்திருக்கும் விதி எளியது: தேவையைப்போல் இரு மடங்கு, இரண்டாகப் பிரித்து, இரண்டும் கையோடு. எனக்கு நாளொன்றுக்குக் கிளார்ஜின் 16, சாப்பாட்டு இன்சுலின் 24 யூனிட். ஒவ்வொரு முறையும் பேனாவிலிருந்து காற்றை வெளியேற்ற 2 யூனிட் வீணாகும். நான்கு ஊசிக்கு அது 8. பத்து நாளுக்குக் கணக்கிட்டால் ஒவ்வொரு வகையிலும் 300 யூனிட் கொண்ட ஒரு பேனா போதும். நான் இரண்டு இரண்டாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாதி முதுகுப்பையில், மறுபாதி தோள்பையில். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. பெட்டி தொலையலாம் என்பது ஒரு காரணம். அங்கே குளிர் உறைநிலைக்குப் போகலாம் என்பது இன்னொன்று. ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்ப்பதற்குப் பழையபடியே இருந்தாலும், பயன்படாது. விடுதி அறையின் சிறிய குளிர்பெட்டியில் வைப்பவர்கள் பின்சுவரில் ஒட்டாமல் வைக்க வேண்டும், அங்கேதான் உறையும்.

இவ்வளவு முன்னெச்சரிக்கையும் தோற்று, வெளிநாட்டில் இன்சுலின் வாங்க நேர்ந்தால் ஒரு பொறி காத்திருக்கிறது. அதைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாதது எனக்கு வியப்பளிக்கிறது. இந்தியாவில் குப்பியில் வரும் மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்று சிவப்பு மூடி போட்ட தனி ஊசிக்குழல் இருக்கிறது. பேனாவில் வருவதும் பெரும்பாலான வெளிநாடுகளில் குப்பியில் வருவதும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊரிலிருந்து கொண்டுபோன சிவப்பு மூடிக் குழலில், அங்கே வாங்கிய குப்பியிலிருந்து 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது கால் மில்லி. அந்தக் குப்பியின் கணக்கில் அது 25 யூனிட். இரண்டரை மடங்கு. தூக்கத்தில் போட்டால் விடியலைப் பார்ப்பது உறுதியில்லை. குப்பி எந்த நாட்டில் வாங்குகிறீர்களோ, குழலையும் அங்கேயே வாங்குங்கள். இரத்தச் சர்க்கரை எண்ணிலும் இப்படி ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல் உண்டு. கனடாவிலும் பிரிட்டனிலும் வேறு அலகில் சொல்வார்கள். அங்கே 3 என்பது நம் 54. அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் எண் கிடைக்கும்.

வெப்பத்தைப் பற்றி எழுதும்போது கருத்தரங்கு நகரத்தை விட ஊரைத்தான் நினைக்கிறேன். திறக்காத பேனா 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். திறந்த கிளார்ஜின் பேனா 30 பாகைக்குள் 28 நாள் தாங்கும். மூணாற்றில் அது கவலையே இல்லை. ஆனால் ஏப்ரல் மாதத்தில் சித்தூரிலிருந்து வாளையாறு வழியாகக் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போகும் வாடகைக் காரில், மதியச் சாப்பாட்டுக்காக முக்கால் மணி நேரம் வண்டியை வெயிலில் நிறுத்தினால், உள்ளே இருக்கும் பையின் கதி என்ன? பயணத்தின் மிக ஆபத்தான வெப்பம் விமானத்தில் இல்லை. அந்தக் காரில்தான் இருக்கிறது. இறங்கும்போது பையும் இறங்க வேண்டும். நீரில் ஊறவைத்தால் ஆவியாகிக் குளிரும் துணிப்பைகள் கிடைக்கின்றன. மண்பானையின் அதே தத்துவந்தான். பாலக்காட்டுக் காற்று உலர்ந்திருக்கும் கோடை நாள்களில் நன்றாக வேலை செய்யும். மழைக்காலக் கொச்சியின் ஈரக் காற்றில் அவ்வளவாகக் குளிராது. பனிக்கட்டிப் பொதியைப் பேனாவோடு நேராக ஒட்டி வைப்பது உறையவைக்கும் வழி. இடையே ஒரு துணி வேண்டும். கெட்டுப்போன இன்சுலினைக் கண்ணால் எப்போதும் அறிய முடியாது. தெளிந்திருக்க வேண்டியது கலங்கியிருந்தாலோ இழை ஓடியிருந்தாலோ எறிந்துவிடலாம். தெளிவாகவே இருந்தும் இரண்டு வேளை சரியாகப் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையென்றால், அந்தப் பேனாவைச் சந்தேகித்து மறுபையிலிருந்து புதியதை எடுக்க வேண்டும். இரண்டாகப் பிரித்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

இப்போது ஆவணம். இங்கேதான் நம் பெயர்களின் இலக்கணம் குறுக்கே வருகிறது. மருத்துவமனைப் பதிவில் நான் தலைப்பெழுத்தும் பெயருமாக இருக்கிறேன். கடவுச்சீட்டில் அந்தத் தலைப்பெழுத்து விரிந்து, அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆகியிருக்கிறது. போதாததற்கு, என் பெயரிலுள்ள ழகரத்தை மருத்துவமனை ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டு அலுவலகம் இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கின்றன. எல்லைப்புறத் தமிழர் பலருக்கும் மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போன ஓர் எழுத்துக்கூட்டு, பள்ளிச் சான்றிதழ் வழியாகப் போன வேறோர் எழுத்துக்கூட்டு என்று இரண்டு பெயர்கள் இருக்கும். ஆய்வுக்கு அது சுவையான தரவு. சோதனைச் சாவடியில் அது 'இந்த மருந்து உங்களுடையதுதானா?' என்ற கேள்வி.

ஆகவே மருத்துவரிடம் கடவுச்சீட்டின் நகலைக் கொடுத்தே கடிதம் கேட்கிறேன். கடிதம் ஆங்கிலத்தில், மருத்துவமனைத் தாளில், கையொப்பம், முத்திரை, மருத்துவரின் பதிவு எண், அண்மைத் தேதியோடு இருக்க வேண்டும். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி. மருந்துக்கு வணிகப் பெயர் மட்டும் போதாது. அது நாட்டுக்கு நாடு மாறும். கிளார்ஜின், அஸ்பார்ட் என்ற பொதுப் பெயரும், ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் என்ற செறிவும் வேண்டும். பேனா, ஊசி, விரல் குத்தும் ஊசி, அளக்கும் கருவி, குளிர்ப்பொதி, கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஆகியவற்றைச் சுமப்பது மருத்துவத் தேவை என்ற ஒரு வரி. கடைசியாக என் வேண்டுகோளின்படி மருத்துவர் சேர்த்த வரி: நீண்ட நேர இன்சுலின், 24 மணி நேரத்துக்கு ஒரு முறை, இந்திய நேரம் 22:00. 'இரவு' என்ற சொல் அதில் இல்லை. அவர் முதலில் சிரித்தார். "எழுத்துப்பிழை பார்க்கிற மாதிரி என் சீட்டைப் பார்க்கிறீங்களே" என்றார். இலண்டன் கதையைச் சொன்னதும் எழுதித் தந்தார். மூன்று நகல்: ஒவ்வொரு பையிலும் ஒன்று, கைப்பேசியில் ஒரு படம். மருந்துக்கடைச் சீட்டு ஒட்டிய அட்டைப்பெட்டியையும் எறியாமல் தட்டையாக மடித்து வைக்கிறேன். பெயர் அச்சிட்ட பெட்டி பல இடங்களில் கடிதத்தைவிட விரைவாகப் பேசும்.

பாதுகாப்புச் சோதனையில் கேட்கும்வரை காத்திருக்காமல், பையைத் தட்டில் வைக்குமுன்பே சொல்லிவிடுவது நல்லது. திரவத்துக்கான 100 மில்லி வரம்பு மருந்துச் சீட்டோடு வரும் இன்சுலினுக்குப் பொருந்தாது. ஆனால் உருகிய குளிர்ப்பொதியைப் பார்க்கும் அலுவலருக்கு அது வெறும் திரவமாகத் தெரியும். கடிதத்தில் அதற்கும் ஒரு சொல் இருப்பது அதனால்தான். நம் விமான நிலையங்களில் பெண்களைத் திரையிட்ட அறைக்குள் பெண் காவலர் சோதிப்பார். கைக்கருவி என் மேற்கையருகே வந்ததும் ஒலித்தது.

"என்னம்மா இது?"

"சர்க்கரையை அளக்கும் சென்சார், மேடம். கழற்ற முடியாது. கடிதம் இருக்கிறது."

கடிதத்தை வாங்கிப் படித்தார். கடவுச்சீட்டைக் கேட்டு இரண்டு பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிறகு, "எங்க அம்மாவும் ஊசி போடுறாங்க, இதை ஒட்டினா குத்த வேண்டாமா?" என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது; விரல் குத்துவது குறையும், ஆனால் அறவே நிற்காது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இன்சுலின் பம்ப் அணிந்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் பம்பை எக்ஸ்ரே பெட்டிக்குள் விடவோ உடல் முழுதும் வருடும் கருவிக்குள் அணிந்து செல்லவோ வேண்டாம் என்கிறார்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டு, கையால் சோதிக்கும்படி கேட்கலாம்.

பல்கலைக்கழகங்களிடமும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. பயணச் செலவுப் படிவத்தில் பதிவுக் கட்டணம், விமானக் கட்டணம், தங்கும் செலவு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. இரு மடங்கு மருந்துக்கும், முன்பே இருக்கும் நோயை ஏற்கும் பயணக் காப்பீட்டுக்கான கூடுதல் கட்டணத்துக்கும் கட்டம் இல்லை. ஒரு முறை 'இதர செலவு' என்று எழுதினேன்; விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். விளக்கம் எழுதினேன், இன்னும் பதில் வரவில்லை. உதவித்தொகையில் வாழும் ஆய்வாளர்கள் இரு மடங்கு எடுத்துக்கொள்ளாமல் ஒரு மடங்கோடு விமானம் ஏறுவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று.

அடுத்த பயணம் டோக்கியோவுக்கு. இது கிழக்கு; வேறுபாடு மூன்றரை மணி நேரந்தான். என் விதிப்படி நேரத்தை மாற்றாமல் விட்டால் இந்திய இரவு 10 மணி அங்கே நள்ளிரவு தாண்டி 1:30-க்கு வரும். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் எழுந்திருக்க என்னால் ஆகாது, தூங்கிவிடுவேன். ஆகவே இந்த முறை விதியை நானே மீறுகிறேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னிருந்து நாளுக்கு அரை மணி நேரமாக முன்னே நகர்த்தி, ஆறு நாளில் மாலை 7 மணிக்குக் கொண்டுவந்துவிட்டால், டோக்கியோவில் அது இரவு 10:30. மருத்துவர் ஒப்புக்கொண்டுவிட்டார். கடிதத்தில் 22:00 என்பதை 19:00 என்று மாற்றித் தர வேண்டும். அதற்காக வியாழக்கிழமை மீண்டும் மூணாறு போகிறேன்.